வாட்ச் காட்டும் எச்ஆர்வி: அது ஆர்எம்எஸ்எஸ்டியா, எஸ்டிஎன்என்னா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் ஈசிஜியும், நாள் முழுக்க உடம்பில் கட்டி எடுக்கும் ஈசிஜியான ஹோல்டரும் எடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். முன்பெல்லாம் பழைய ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். இப்போது மணிக்கட்டை நீட்டி, "இந்த நம்பர் சரியாங்க?" என்று கேட்கிறார்கள். பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஓசூர் என்று பல ஊர்க்காரர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே கீழே வைத்திருக்கிறேன். பாதிப் பயம் இதயத்தால் வந்ததல்ல. இதயத் துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் இரண்டு வேறு அளவுகளுக்கு எச்ஆர்வி, அதாவது ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி, என்று ஒரே பெயர் வைத்ததால் வந்தது.

"ரெண்டையும் எச்ஆர்வின்னுதான் சொல்றாங்க. அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு? என்னதான் வித்தியாசம்?"

எஸ்டிஎன்என், இதயத் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் மொத்தத்தில் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று பார்க்கிறது. ஆர்எம்எஸ்எஸ்டி, ஒவ்வொரு இடைவெளியும் அதற்கு முந்தையதிலிருந்து எவ்வளவு மாறியது என்று பார்க்கிறது. முதலாவதற்கு வரிசை முக்கியமில்லை. இரண்டாவதற்கு வரிசைதான் எல்லாமே.

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே சரியாக 857 மில்லி செகண்ட் இருக்கும் என்று நினைப்போம். அப்படி இருக்காது. ஒன்று 820, அடுத்தது 880, அதற்கடுத்தது 860 என்று சற்றே முன்பின்னாக வரும். ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். ஆகவே நாம் பேசும் மாற்றம் பல சமயம் அரைக் கட்டம்தான். கண்ணுக்குத் தெரியாது, கணக்குப் போட்டால்தான் தெரியும்.

எட்டு இடைவெளிகளை எடுத்துக்கொள்வோம். எல்லாம் மில்லி செகண்டில்:

```
அ:  820  840  860  880  900  920  940  960
ஆ:  820  940  860  960  840  920  880  900
```

இரண்டிலும் அதே எட்டு எண்கள்தான், வரிசை மட்டும் வேறு. சராசரி இரண்டுக்கும் 890. எஸ்டிஎன்என் என்பது பத்தாம் வகுப்பில் படித்த திட்ட விலக்கமேதான்: ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது. இங்கே வர்க்கங்களின் கூட்டல் 16,800. அதை எட்டில் ஒன்றைக் குறைத்து 7-ஆல் வகுத்தால் 2,400. வர்க்கமூலம் 49. எண்கள் ஒன்றே என்பதால் அ, ஆ இரண்டுக்கும் எஸ்டிஎன்என் 49 மில்லி செகண்ட்.

இப்போது அடுத்தடுத்த வித்தியாசத்தைப் பார்ப்போம். அ வரிசையில் ஒவ்வொரு படியும் 20. ஆகவே ஆர்எம்எஸ்எஸ்டியும் 20. ஆ வரிசையில் படிகள் 120, 80, 100, 120, 80, 40, 20. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 53,600. ஏழு படிகள் என்பதால் 7-ஆல் வகுத்தால் 7,657. வர்க்கமூலம் ஏறக்குறைய 87. எஸ்டிஎன்என் ஒன்றாக இருக்கும்போதே ஆர்எம்எஸ்எஸ்டி நான்கு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

```
SDNN  = sqrt( sum( (NN[i] - mean)^2 )    / (n-1) )
RMSSD = sqrt( sum( (NN[i+1] - NN[i])^2 ) / (n-1) )
```

இதில் வரும் இரண்டு என் எழுத்துக்கும் "நார்மல்" என்று பொருள்: ஒரு நார்மல் துடிப்பிலிருந்து அடுத்த நார்மல் துடிப்பு வரை உள்ள இடைவெளி. முறை தவறி வந்த துடிப்புகளைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே தொடங்க வேண்டும். இது பின்னால் தேவைப்படும்.

"சரிங்க, அந்த வித்தியாசம் உடம்புல எதைக் காட்டுது?"

இதயத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு நரம்பு வழிகள் உண்டு. ஒன்று வேகஸ் நரம்பு. அது அசிட்டைல்கோலினை விடுவித்து வேகத்தைக் குறைக்கும். அந்த ரசாயனம் சட்டென்று வேலை செய்யும், உடனே அழிந்தும் போகும். அதனால் வேகஸால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவிலேயே வேகத்தை மாற்ற முடியும். மற்றது சிம்பதெடிக் வழி. பதற்றம், ஓட்டம், சண்டை எல்லாவற்றிலும் வேகத்தைக் கூட்டுவது அதுதான். ஆனால் அதன் பிடி ஏறவும் இறங்கவும் பல செகண்டுகள் ஆகும்.

ஆகவே அடுத்தடுத்த துடிப்புகளுக்குள் தெரியும் மாற்றம் பெரும்பாலும் வேகஸின் வேலை. அதைத்தான் ஆர்எம்எஸ்எஸ்டி பிடிக்கிறது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது நிதானமாவதும் இதில் முக்கியப் பங்கு. எஸ்டிஎன்என்னில் இதுவும் உண்டு. அதோடு பத்து செகண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ரத்த அழுத்த அலை, எழுந்து நின்றது, சாப்பிட்டது, பகல் இரவு மாற்றம் எல்லாம் சேர்ந்துவிடும். எவ்வளவு நேரம் அளக்கிறோமோ அவ்வளவும் உள்ளே வரும்.

"என் வாட்ச் எதைக் காட்டுது?"

ஆப்பிள் வாட்ச் என்றால் எஸ்டிஎன்என். கார்மின், ஃபிட்பிட், போலார், ஹூப், ஊரா மோதிரம் என்றால் ஆர்எம்எஸ்எஸ்டி. கடையில் நீங்கள் பார்க்கும் பெயர்களில் பெரும்பாலானவை ஆர்எம்எஸ்எஸ்டி பக்கம்தான். ஆப்பிள் மட்டும் தனி வழி.

ஆப்பிளில் இது ஒளிவுமறைவான விஷயமில்லை. 2017-இல் இந்த வசதி வந்தபோதே, ஆப் எழுதுபவர்கள் பயன்படுத்தும் பெயரிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். ஆண்ட்ராய்டு பக்கம் கூகுளின் ஹெல்த் கனெக்டில் இருக்கும் பெயரும் அப்படித்தான். இரண்டின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்:

```
HKQuantityTypeIdentifierHeartRateVariabilitySDNN
HeartRateVariabilityRmssdRecord
```

ஆனால் திரையில் இரண்டுமே வெறும் எச்ஆர்வி, மில்லி செகண்ட். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

எப்போது அளக்கிறார்கள் என்பதும் சூத்திரத்துக்குச் சமமாக முக்கியம். ஆப்பிள் வாட்ச், நீங்கள் அசையாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, பகலிலும் இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரு நிமிடம் அளந்துகொள்ளும். மற்றவை பெரும்பாலும் தூக்கத்தில் அளந்து, காலையில் ஒரே சராசரியாகத் தரும். கார்மின் ஒரு நாள் எண்ணை நம்பாமல் ஏழு நாள் சராசரியை முன்னே வைக்கிறது. உங்கள் வழக்கமான எல்லை எது என்று முடிவு செய்ய மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறது. எனக்கு அந்த முறை பிடிக்கும்.

பெட்டியிலும் ஆப்பிலும் எந்த அளவு என்று சொல்லாத வாட்ச்சுகளும் உண்டு. அந்த எண்ணை அதே வாட்ச்சின் நேற்றைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். வேறு எதோடும் வேண்டாம்.

"எனக்கு 34 காட்டுது. நெட்ல 50-க்குக் கீழ போனா ஆபத்துன்னு போட்டிருக்கு. ராத்திரி தூக்கமே இல்லைங்க. பயப்படணுமா?"

இந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். அந்த 50 உங்கள் வாட்ச்சுக்கான எல்லையே அல்ல.

பாலக்கோட்டிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் கேட்டது இது. நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் வந்திருந்தார். அதனால் அந்த 50 எங்கிருந்து வந்தது என்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

1987-இல் கிளைகர் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேருக்கு, அதற்குப் பிந்தைய நாட்களில் 24 மணி நேர ஹோல்டர் கட்டி, சராசரியாக 31 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். எஸ்டிஎன்என் 50-க்குக் கீழே இருந்தவர்களிடம், 100-க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்கு அதிக இறப்பு. பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. 1996-இல் ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர் குழு எச்ஆர்விக்குப் பொதுவான விதிமுறை எழுதியபோதும் 24 மணி நேர அளவுக்கு 50, 100 என்ற இந்த எல்லைகளே இடம்பெற்றன.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அவர்கள் எல்லோரும் சில நாட்கள் முன்புதான் மாரடைப்பு கண்டவர்கள். இரண்டாவது, அது 24 மணி நேர எண். நாள் முழுக்க அளந்தால் தூங்கும்போதுள்ள 55 துடிப்பும், பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதுள்ள 120 துடிப்பும் ஒரே கணக்குக்குள் வந்துவிடும். பரப்பு தானாகவே பெரிதாகும். அந்த 1996 விதிமுறையில் ஆரோக்கியமானவர்களுக்கு 24 மணி நேர எஸ்டிஎன்என் சராசரி 141 என்று கொடுத்திருக்கிறார்கள். அதே ஆரோக்கியமானவர்களை ஐந்து நிமிடம் மட்டும் உட்கார வைத்து அளந்தால்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வந்த கட்டுரையில் குறுகிய நேர எஸ்டிஎன்என் சராசரியே 50 தான். முன்பின் 16 வரை சாதாரணமாக விலகும்.

அதாவது ஐந்து நிமிட அளவில் ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 50-க்குக் கீழேதான் இருப்பார்கள். ஆப்பிள் வாட்ச் அளப்பதோ ஒரு நிமிடம். அந்த ஆசிரியரின் 34 அதற்குள் சாதாரணமாக வரக்கூடிய எண். வயது ஏற ஏறக் குறைவதும் இயல்பு.

ஆர்எம்எஸ்எஸ்டிக்கு நேரம் கூடுவதால் இப்படி ஊதுவதில்லை. அதே விதிமுறையில் 24 மணி நேரத்துக்கு 27, அதே 2010 தொகுப்பில் குறுகிய நேரத்துக்கு 42. பகல் முழுக்க நடமாடும் நேரமும் சேர்வதால் 24 மணி நேர எண் இன்னும் குறைவாக இருக்கிறது. அடுத்தடுத்த துடிப்பை மட்டும் பார்ப்பதால், ஒரு நாள் அளந்தாலும் காலைக்கும் மாலைக்கும் உள்ள தூரம் அதில் புகாது. ஒரு நிமிட அளவிலேயே ஓரளவு நம்பும்படி வருவதும் இதனால்தான். வாட்ச் கம்பெனிகள் பலவும் ஆர்எம்எஸ்எஸ்டியைத் தேர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

"எனக்கு ஆப்பிள்ல 24. மச்சானுக்கு கார்மின்ல 58. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, சேர்ந்துதான் அணைப் பக்கம் நடக்கிறோம். எனக்கு மட்டும் ஏன் பாதிக்கும் கீழ?"

கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் தினமும் நடக்கும் இருவர். வீட்டில் பேச்சு முற்றி, "மச்சான் உடம்பைப் பாரு, நீயும் இருக்கியே" என்ற அளவுக்குப் போயிருந்தது. இருவரையும் வரச் சொன்னேன்.

முதலில் போனில் அவருடைய ஒரு நாள் எண்களைத் திறந்து பார்த்தோம். அதிகாலை 3 மணிக்கு 61. காலை எழுந்ததும் 52. முற்பகல் 29. மதியம் களியும் கீரைக் குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கடையில் உட்கார்ந்தபோது 24. இரவு 38. அவர் பார்த்துப் பயந்தது அந்த மதிய எண்ணை. மச்சானின் 58 இரவு முழுக்கத் தூக்கத்தில் எடுத்த சராசரி. ஒருவருக்கு உண்ட மயக்கத்தில் ஒரு நிமிடம், மற்றவருக்கு ஆழ்ந்த தூக்கத்தில் பல மணி நேரம். அதோடு அளவே வேறு.

பிறகு இருவரையும் பத்து நிமிடம் நாற்காலியில் சும்மா உட்கார வைத்தேன். மார்பில் கட்டும் பெல்ட்டை ஒருவர் பின் ஒருவராகப் போட்டு, சாதாரணமாக மூச்சு விடச் சொல்லி, ஐந்து ஐந்து நிமிடம் எடுத்தேன். இவருக்கு எஸ்டிஎன்என் 46, ஆர்எம்எஸ்எஸ்டி 37. மச்சானுக்கு எஸ்டிஎன்என் 49, ஆர்எம்எஸ்எஸ்டி 41. இவ்வளவுதான் வித்தியாசம். மறுநாள் எடுத்தால் இடம் மாறியே வரலாம், அவ்வளவு நெருக்கம்.

ஒரே வாட்ச், ஒரே நேரம், ஒரே நிலை இருந்தாலும் இன்னொருவரோடு ஒப்பிடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஆளுக்கு ஆள் இயல்பிலேயே இரண்டு மடங்கு வேறுபடும் அளவு இது.

"ஒரு நம்பரை இன்னொண்ணா மாத்த ஏதாவது கணக்கு இருக்கா? 1.2-ஆல பெருக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு."

இல்லை. மேலே உள்ள அ, ஆ வரிசைகளையே பாருங்கள். எஸ்டிஎன்என் 49 என்று மட்டும் சொன்னால், ஆர்எம்எஸ்எஸ்டி 20-ஆ 87-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. வரிசை தொலைந்த பிறகு எந்தப் பெருக்கலாலும் அது திரும்ப வராது.

ஆனால் ஆப்பிள் வாட்ச் வைத்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. அது ஒவ்வொரு எஸ்டிஎன்என் எண்ணுக்கும் பின்னால் உள்ள துடிப்புகளையும் சேமித்து வைக்கிறது. ஹெல்த் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு `Export All Health Data` கொடுத்தால் ஒரு ஜிப் வரும். அதற்குள் `export.xml`. அதில் இப்படி வரிகள் இருக்கும்:

```
<InstantaneousBeatsPerMinute bpm="70" time="6:10:21.34 AM"/>
<InstantaneousBeatsPerMinute bpm="67" time="6:10:22.24 AM"/>
```

60,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். 67 என்றால் 896 மில்லி செகண்ட். நேரத்தைப் பாருங்கள்: 21.34-இலிருந்து 22.24, அதாவது 0.90 செகண்ட். பொருந்துகிறது. துடிப்பு எண்களை ஷீட்டில் ஏ பத்தியில் ஒட்டி, பி பத்தியில் இடைவெளியை வரவழைத்து, கீழே உள்ளதைப் போடுங்கள்:

```
=60000/A2
=STDEV(B2:B60)
=SQRT(SUMXMY2(B3:B60,B2:B59)/COUNT(B3:B60))
```

இரண்டாவது வரி எஸ்டிஎன்என், மூன்றாவது ஆர்எம்எஸ்எஸ்டி. ஒரே எச்சரிக்கை: நேரத்தில் இரண்டு மூன்று செகண்ட் இடைவெளி விழுந்திருந்தால், வாட்ச் அங்கே துடிப்பைத் தவறவிட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டையின் இரு பக்கமும் உள்ள துடிப்புகள் அடுத்தடுத்தவை அல்ல. ஓட்டைக்கு முன் ஒரு துண்டு, பின் ஒரு துண்டு என்று பிரித்து, நீளமான துண்டை மட்டும் கணக்கிடுங்கள். இதைச் செய்யாமல் போட்டால் வரும் ஆர்எம்எஸ்எஸ்டி பொய். துடிப்பு முழு எண்ணாக இருப்பதால் 70-க்கும் 71-க்கும் நடுவே 12 மில்லி செகண்ட் தாவும். 40 போன்ற எண்ணுக்கு அது தொந்தரவில்லை. 10 போன்ற சிறிய எண் வந்தால் துல்லியத்தை நம்ப வேண்டாம்.

"மூச்சுப் பயிற்சி பண்ணிட்டு வாட்ச்ல பார்த்தா 95 வருது. சும்மா இருந்தா 40. பிராணாயாமத்தால இதயம் அவ்வளவு சீக்கிரம் சரியாகுதா?"

95 உண்மையான அளவுதான். ஆனால் அது உங்கள் மூச்சின் அளவு. மூச்சைப் பத்து செகண்டுக்கு ஒன்றாக, அதாவது நிமிடத்துக்கு ஆறாக இழுத்து விட்டால், மூச்சின் அலையும் முன்னே சொன்ன பத்து செகண்ட் ரத்த அழுத்த அலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். துடிப்பு இடைவெளி நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கும். ஏற்றமும் இறக்கமும் மிகப் பெரியவை.

அ வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியும் சின்னது, ஆனால் ஏழு படி ஏறியதும் 140 மில்லி செகண்ட் தூரம் வந்துவிட்டது. மெதுவான மூச்சில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். எஸ்டிஎன்என் பாய்ந்து ஏறும், ஆர்எம்எஸ்எஸ்டி அந்த அளவுக்கு ஏறாது. ஆப்பிள் வாட்ச்சில் மூச்சு விடும் ஆப்பைத் திறந்தாலே ஓர் அளவு பதிவாகும் என்பதால், இந்தப் பெரிய எண்கள் உங்கள் சராசரியிலும் கலந்துவிடும்.

பயிற்சியைச் செய்யுங்கள், நல்லதுதான். அந்த நேர எண்ணை மட்டும் மற்ற நாள் எண்களோடு சேர்க்காதீர்கள். மாறாக, அதே ஆப்பையே நீங்கள் விரும்பும் நேரத்தில் அளக்கப் பயன்படுத்தலாம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, டீக்கு முன், ஒரே நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். பிறகு ஆப்பை ஒரு நிமிடம் ஓட விட்டு, திரையில் விரியும் பூவைப் பார்க்காமல் உங்கள் வழக்கமான மூச்சையே விடுங்கள்.

"எப்பவும் 30 கிட்டதான் வரும். நேத்து திடீர்னு 107! உடம்பு நல்லாயிடுச்சா?"

பெரும்பாலும் இல்லை. முறை தவறிய துடிப்பு ஒன்றே போதும், இப்படி வர. கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

உங்கள் இடைவெளி சுமார் 850 என்று வைப்போம். ஒரு நிமிடத்தில் 71 இடைவெளி, 70 வித்தியாசம். ஆர்எம்எஸ்எஸ்டி 30. நடுவில் ஒரு துடிப்பு அவசரப்பட்டு 500-லேயே வந்துவிட்டது. அப்படி வந்தால் இதயம் அடுத்ததை 1,200 வரை தாமதிக்கும். "ஒரு நொடி நின்னு அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்வார்களே, அதுதான். நிறையப் பேருக்கு நாளில் சிலமுறை வரும்.

வித்தியாசங்கள் இப்போது 350, 700, 350. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 7,35,000. மீதி 67 வித்தியாசங்களும் சேர்ந்து தருவது வெறும் 60,300. மொத்தத்தை 70-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 107. இதே துடிப்பு எஸ்டிஎன்என்னை 40-இலிருந்து 71-க்குத்தான் தூக்கும். வர்க்கப்படுத்துவதால் பெரிய வித்தியாசம் இரண்டிலும் ஆளும். ஆர்எம்எஸ்எஸ்டியில் ஒரு தவறு மூன்று முறை எண்ணப்படுகிறது, அதில் ஒன்று இரட்டிப்பாக.

வாட்ச்சுகள் இப்படிப்பட்ட துடிப்புகளைக் கண்டுபிடித்துக் கழிக்கத்தான் பார்க்கின்றன. எல்லாம் சிக்குவதில்லை. வாட்ச் பார்ப்பது மின்துடிப்பை அல்ல, தோலுக்குக் கீழே ரத்தம் வந்து போவதைப் பச்சை வெளிச்சத்தில். பட்டை தளர்ந்திருந்தாலோ கை அசைந்தாலோ ஒரு துடிப்பே தொலையும். எப்படி அறிவது? நாடி எண்ணிக்கை வழக்கம்போல இருந்து, எச்ஆர்வி மட்டும் மூன்று மடங்கானால் சந்தேகப்படுங்கள். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராதபடி இறுக்கி மறுபடி பாருங்கள். திரும்பவும் அப்படியே வந்தால், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாடி ஒழுங்கில்லாமல் தத்தித் தத்தி வந்தால் அதிக எச்ஆர்வி என்று மகிழாமல் ஈசிஜி எடுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறில் இரண்டு எண்களுமே பெரிதாகத்தான் வரும். அதற்கும் உடல் தேறியதற்கும் சம்பந்தமில்லை.

"ஓசூர்ல ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. எதைப் பார்க்கிறது?"

தூக்கத்தில் அளக்கும் வாட்ச் என்றால், இரவு ஷிஃப்ட் வாரத்தின் எண்களைப் பகல் ஷிஃப்ட் வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். பகல் தூக்கம் துண்டு துண்டாகப் போனால் எண்ணே வராமலும் போகலாம். ஃபிட்பிட்டுக்குக் குறைந்தது மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு வாரத்தை முந்தைய இரவு வாரத்தோடு, பகல் வாரத்தை முந்தைய பகல் வாரத்தோடு வைத்துப் பாருங்கள்.

ஆப்பிள் வாட்ச்சாக இருந்தால், இரவு வேலை நடுவே அது தானாக எடுக்கும் எண்களை விட்டுவிடலாம். லைன் ஓரமாக ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் அது அளந்திருக்கும். தூங்கி எழுந்ததும் நீங்களே உட்கார்ந்து எடுக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எழுவது காலை 6-ஆக இருந்தாலும் மாலை 4-ஆக இருந்தாலும்.

"டாக்டர்கிட்ட போகும்போது இதைக் காட்டலாமா?"

காட்டலாம். ஆனால் எண்ணோடு மூன்று விஷயத்தை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வாட்ச், எந்த அளவு, எப்போது எடுத்தது. "எச்ஆர்வி 34" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "ஆப்பிள், எஸ்டிஎன்என், காலை எழுந்ததும் உட்கார்ந்து; மூன்று மாதமாக 45-இல் இருந்தது, மூன்று வாரமாக 30" என்றால் அதில் பேச விஷயம் இருக்கிறது. சாப்பிடும் மருந்துகளையும் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் போன்றவை இந்த எண்களை மாற்றும்.

சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை, இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் பாதிக்கும். அப்போது வேகஸின் பங்கு குறைந்து, துடிப்பு ஓய்விலும் வேகமாகவும் மாறாமலும் இருக்கும். அதைப் பார்க்கும் பழைய பரிசோதனை எளிமையானது. படுக்க வைத்து, ஒரு நிமிடம் ஆறு ஆழமான மூச்சு விடச் சொல்லி ஈசிஜி ஓட விடுவோம். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் துடிப்பு எவ்வளவு மாறுகிறது என்று தாளிலேயே அளந்துவிடலாம். ஆரோக்கியமான இளைஞருக்கு நிமிடத்துக்கு 15 துடிப்புக்கு மேல் ஏறி இறங்கும். போன மாதம் பென்னாகரத்திலிருந்து வந்த ஒருவருக்கு மூன்று துடிப்புதான் மாறியது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் கையில் வாட்ச் எதுவும் இல்லை.